சோறு சாப்பிட்டா வெயிட் போடுமா? ஆம்பூர் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு அரிசிக் கணக்கு!

``நான் என்னங்க பெருசா சாப்பிடுறேன்? கறி, முட்டைகூட தினமும் கிடையாது. ரசம் சோறும் குழம்புச் சோறும்தான். அப்புறம் எப்படி எடை ஏறுது?''

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களிடம் எடையைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். அடுத்த வரியாக யாராவது ஒருவர், ``சோத்தை விட்டுட்டுச் சப்பாத்திக்கு மாறு. தானா குறையும்'' என்று சொல்வார். இரண்டு வாரம் சப்பாத்தி நடக்கும். மூன்றாவது வாரம் பழையபடி சோறு. எடை அதே இடத்தில் நிற்கும்.

வெள்ளை அரிசிக்கென்று உடம்பைப் பெருக்க வைக்கும் தனிக் குணம் எதுவும் உண்டா? சப்பாத்தி, களி, இட்லி எல்லாம் அதிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன? தட்டில் எவ்வளவு போட்டால் சரி? இந்த மூன்றையும் தோல் தொழில் நடக்கும் இந்த ஊர்களின் சாப்பாட்டையே வைத்துப் பார்ப்போம்.

அரிசி அதேதான்... வேலை மாறிவிட்டது!

வேலூர் சி.எம்.சி மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 1991-94-ல் வேலூர் நகரத்திலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் மக்களின் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் கணக்கெடுத்தார்கள். 2010-12-ல் மறுபடியும் போய் எடுத்தார்கள். அந்த இடைவெளியில் சர்க்கரை நோய் நகரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. கிராமத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு! உடல் பருமனும் கூடவே ஏறியிருந்தது.

இந்த ஊர்களில் சோறு நேற்று வந்த உணவு இல்லை. அப்போதும் சாப்பிட்டோம், இப்போதும் சாப்பிடுகிறோம். இடையில் பெரிதாக மாறியவற்றில் ஒன்று, உடம்பு செய்யும் வேலை. நாற்று நட்டு, களை பறித்து, தண்ணீர் சுமந்த வீட்டின் அடுத்த தலைமுறைப் பெண், இன்று கம்பெனி பஸ் ஏறி வந்து, ஷூவின் மேல்பாகமான `அப்பர்' தைக்கும் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கையும் கண்ணும் ஓயாமல் வேலை செய்யும். முதுகும் கழுத்தும் வலிக்கும். அதனால் `கடுமையான உழைப்பு' என்று தோன்றுவதில் தப்பே இல்லை. ஆனால், உடம்பு எரிக்கும் கலோரியை வைத்துப் பார்த்தால், அது உட்கார்ந்து செய்யும் வேலை.

இந்த வித்தியாசம் எவ்வளவு? ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2020-ல் வெளியான பரிந்துரையில் இதற்கு எண் கொடுத்திருக்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண், உட்கார்ந்து வேலை செய்பவராக இருந்தால் ஒரு நாளைக்கு 1,660 கலோரி போதும். நடுத்தர உடலுழைப்பு என்றால் 2,130 வேண்டும். இரண்டுக்கும் இடையே 470 கலோரி. சமைத்த சோற்றில் 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. அப்படியென்றால் அந்த 470 கலோரி என்பது சுமார் 360 கிராம் சோறு. ஏறக்குறைய ஒரு முழுத் தட்டு!

அம்மா சாப்பிட்ட அதே அளவை மகளும் சாப்பிட்டால், அம்மா வயலில் எரித்த அந்த ஒரு தட்டு, மகளுடைய இடுப்பில் போய் உட்காரும்.

சோறு குண்டாக்குமா... இளைக்க வைக்குமா?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் வால்டர் கெம்ப்னர் 1939-ல் ஒரு சிகிச்சையை ஆரம்பித்தார். அதன் பெயரே `அரிசி டயட்'. ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் இருந்தவர்களுக்கு வெள்ளை அரிசிச் சோறும் பழங்களும்தான் முக்கிய உணவு. உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பின்னாளில் அதே முறையைக் கடும் பருமன் உள்ளவர்களுக்கும் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் குறைந்தது 45 கிலோ குறைத்த 106 பேரைப் பற்றி 1975-ல் மருத்துவ இதழில் கட்டுரையே வந்தது. மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பில், கலோரியைக் கட்டுப்படுத்தி, உடற்பயிற்சியோடு நடந்த சிகிச்சை அது. வீட்டில் முயற்சி செய்யும் சமாச்சாரம் இல்லை. ஆனால், ஒரு விஷயத்தை அது தெளிவாகக் காட்டியது. மொத்தக் கலோரி குறைந்தால், சோறு சாப்பிட்டுக்கொண்டே எடை இறங்கும்.

2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டு பிரிவாக்கி ஒரு வருடம் பார்த்தது. ஒரு பிரிவுக்கு மாவுச்சத்துக் குறைவான உணவு, இன்னொரு பிரிவுக்குக் கொழுப்புக் குறைவான உணவு. வருட முடிவில் முதல் பிரிவு சராசரியாக 6 கிலோ, இரண்டாம் பிரிவு 5.3 கிலோ குறைந்திருந்தது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாத இடைவெளி.

அப்படியானால் சோற்றுக்கு எந்தப் பொறுப்பும் இல்லையா? இருக்கிறது. வெள்ளைச் சோறு மிருதுவானது. குழம்பு ஊற்றினால் மெல்லவே தேவையில்லாமல் இறங்கும். நார்ச்சத்தும் புரதமும் குறைவு என்பதால், தட்டு நிறையச் சாப்பிட்டாலும் சாயங்காலமே பசிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், வீட்டில் இருக்கும் உணவுகளிலேயே மலிவானது அதுதான். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாத நாளில் சோற்றின் அளவு தானாகக் கூடும். ``ரசம் சோறு மட்டும்தான் சாப்பிடுறேன்'' என்பவருக்கு எடை ஏறுவதன் ரகசியம், அந்த `மட்டும்தான்' என்ற சொல்லிலேயே இருக்கிறது.

அளவு கண்ணுக்குத் தெரியாது

``நான் அளவாத்தான் போட்டுக்கிறேன்'' என்று யார் சொன்னாலும் அது பொய் இல்லை. நம் கண்ணுக்கு அளவு தெரிவதில்லை, அவ்வளவுதான். பார்பரா ரோல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2002-ல் மாக்கரோனியை வைத்து இதைச் சோதித்தார். ஒரே ஆட்களுக்கு வெவ்வேறு நாள்களில் 500 கிராம் முதல் 1,000 கிராம் வரை வெவ்வேறு அளவில் வைத்தார். மிகச்சிறிய அளவு வைத்த நாளைவிட, மிகப்பெரிய அளவு வைத்த நாளில் 30 சதவிகிதம் அதிகமாகச் சாப்பிட்டார்கள். ஆனால், வயிறு நிறைந்த உணர்வு ஒன்றாகவே இருந்தது. தங்களுக்கு வைத்த அளவு மாறியதைப் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கவனிக்கவே இல்லை.

இதை நம் டிபன் பாக்ஸுக்குப் பொருத்திப் பாருங்கள். காலையில் அவசரத்தில் சோற்றை அள்ளி, கரண்டியால் அமுக்கி மூடுகிறோம். மதியம் அரை மணி நேர இடைவேளை. பாக்ஸில் இருப்பதை முடிப்பதுதான் வழக்கம். `போதும்' என்ற முடிவை வயிறு எடுப்பதில்லை. காலை 6 மணிக்குக் கரண்டி எடுத்துவிடுகிறது.

ஒரு நாள் சாப்பாடு... ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 35. ஆம்பூர் பக்கத்துக் கிராமம், ஷூ கம்பெனியில் தையல் வேலை. காலையில் 4 இட்லி. மதியத்துக்கு அமுக்கிக் கட்டிய பாக்ஸில் 450 கிராம் சோறு, சாம்பார். நடுவில் மூன்று டீ, சாயங்காலம் ஒரு போண்டா. ராத்திரி 400 கிராம் சோறு, குழம்பு.

சமைத்ததை அரிசியாக மாற்றிப் பார்க்கலாம். 100 கிராம் அரிசி வெந்தால் சுமார் 270 கிராம் சோறாகும். தண்ணீரைப் பொறுத்து இது கொஞ்சம் கூடலாம், குறையலாம். மதியச் சோறு சுமார் 165 கிராம் அரிசி, ராத்திரிச் சோறு சுமார் 150 கிராம், இட்லியில் அரிசியும் உளுந்துமாகச் சுமார் 70 கிராம். மொத்தம் 385 கிராம் வரை. 100 கிராம் அரிசிக்கு 350 கலோரி என்றால், இதிலிருந்து மட்டுமே சுமார் 1,350 கலோரி வந்துவிட்டது. எண்ணெய், பருப்பு, டீயில் பால் சர்க்கரை, போண்டா எல்லாம் சேர்த்தால் 2,100-ஐத் தொடும். 1,660 போதும் என்ற உடம்புக்கு இது அதிகம்.

அதற்காக எடை முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகாது. உடம்பு கனமாக ஆக, அதைச் சுமந்து நடமாட அதிகக் கலோரி செலவாகும். ஏதோ ஓர் எடையில் வரவும் செலவும் சமமாகி அங்கேயே நின்றுவிடும். ``கல்யாணத்தப்போ 52, இப்போ அஞ்சு வருஷமா 70-லயே நிக்குது'' என்று பலர் சொல்வது இதைத்தான்.

எவ்வளவு சாப்பிட்டால் சரி? தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் `ஒரு நாள் தட்டு' பரிந்துரையில், 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு அரிசி, கோதுமை, ராகி எல்லாம் சேர்த்து 250 கிராம். மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதன் வழிகாட்டுதல். 1,660 கலோரிக்கு அதைச் சுருக்கினால், ஒரு நாளைக்குச் சுமார் 210 கிராம் தானியம்.

நம் உதாரணப் பெண்ணுக்கு இது எப்படி வரும்? காலையில் 3 இட்லி. மதியம் 250 கிராம் சோறு. ராத்திரி 200 கிராம் சோறு. கணக்குச் சரியாகப் போய்விடும். பாக்ஸில் காலியான இடத்தில் ஒரு வேகவைத்த முட்டையும், கீரைப் பொரியல் அல்லது அவரைக்காய், பீன்ஸும் வர வேண்டும். போண்டாவுக்குப் பதில் ஒரு கை சுண்டல். குறைத்த சோற்றின் இடத்தை இப்படி நிரப்பாமல் விட்டால், 4 மணிக்குப் பசி வந்து ஒன்றுக்கு மூன்று போண்டாவாகப் பழிவாங்கும். சோற்றைக் குறைத்தும் எடை குறையவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம், அந்தச் சாயங்கால டீக்கடைதான்.

தராசு வேண்டாம்... அரிசி மூட்டை போதும்!

தினமும் சோற்றை எடை போட யாருக்கும் நேரம் இல்லை. அதற்கு ஓர் எளிய வழி, அரிசி மூட்டை. மூட்டை பிரிக்கும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். தீரும் தேதியையும் குறியுங்கள். கிராமில் உள்ள எடையை நாள்களால் வகுத்து, பிறகு சாப்பிடும் ஆட்களால் வகுத்தால், ஒருவருக்கு ஒரு நாள் அளவு வந்துவிடும்.

நான்கு பேர் வீடு. ரேஷனில் மாதம் 20 கிலோ இலவச அரிசி. அதை மட்டுமே சமைத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 167 கிராம். இதோடு கடையில் வாங்கும் 26 கிலோ சிப்பம் ஒன்றும் அதே மாதத்தில் தீர்கிறது என்றால், மொத்தம் 46 கிலோ. 30 நாள், 4 பேர். ஒருவருக்கு 383 கிராம்! மேலே பார்த்த பெண்ணின் கணக்கும் கிட்டத்தட்ட இதே எண்தான். இட்லி அரிசி, கோதுமை மாவு, ரவை, சேமியா எல்லாவற்றையும் இதில் சேர்க்க மறக்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், பெரியவர்களின் பங்கு இந்தச் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும்.

அடுத்த மாதம் அதே சிப்பம் எத்தனை நாள் கூடுதலாக வருகிறது என்று பாருங்கள். சாப்பாட்டின் அளவு உண்மையிலேயே குறைந்ததா என்பதை மனசு மறைக்கலாம், மூட்டை மறைக்காது.

அன்றாட அளவுக்கு, ஒரு தடவை மட்டும் சமையலறைத் தராசிலோ பக்கத்து மளிகைக் கடைத் தராசிலோ 250 கிராம் சோற்றை நிறுத்துப் பார்த்து, அது எந்தக் கிண்ணத்தில் தலைதட்டி நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். இனி அந்தக் கிண்ணம்தான் உங்கள் தராசு. அதில் அமுக்காமல் எடுத்துத் தட்டில் கொட்டிவிட்டு, பானையைத் தூரமாக வையுங்கள்.

சப்பாத்தி, களி, பரோட்டா, பிரியாணி...

``சோத்துக்குப் பதிலா வேற எதையாவது?'' என்று கேட்பவர்களுக்கு: சமைக்காத நிலையில் அரிசி, கோதுமை, ராகி எல்லாமே 100 கிராமுக்கு 320 முதல் 350 கலோரிக்குள்தான். 4 சப்பாத்திக்குச் சுமார் 110 கிராம் மாவு போகும். மேலே எண்ணெய் தடவினால், 300 கிராம் சோற்றைவிட அதிகமாகவே வரும். இரவில் சப்பாத்திக்கு மாறியும் எடை குறையாததற்குக் காரணம் இதுதான்.

ராகிக் களியில் கலோரி பெரிதாகக் குறையாது. ஆனால், நார்ச்சத்து 100 கிராம் ராகியில் சுமார் 11 கிராம். வெள்ளை அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. ஒரு உருண்டை களி ரொம்ப நேரம் பசி தாங்கும் என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது அதுதான். இரண்டு உருண்டை சாப்பிட்டால் அந்த லாபம் கைவிட்டுப் போய்விடும். பரோட்டா வேறு ரகம். மைதாவுடன் எண்ணெயும் சேர்வதால், ஒன்றே 250 கலோரியைத் தாண்டும்.

வடித்த சோறா, குக்கர் சோறா என்பதும் அடிக்கடி வரும் சந்தேகம். கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போகும், கூடவே பி வைட்டமினும் போகும். ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டால் அந்த வித்தியாசம் ஈடாகிவிடும். ராத்திரி சோறு சாப்பிட்டால்தான் எடை போடும் என்பதற்கும் பெரிய பலமில்லை. முதலில் பார்க்க வேண்டியது, நாள் முழுக்கச் சாப்பிட்டதன் கூட்டுத்தொகை.

ஆம்பூரைப் பற்றிப் பேசிவிட்டு பிரியாணியை விட முடியுமா? ஒரு கிலோ சீரகச் சம்பா, ஒரு கிலோ மட்டன், 200 கிராம் எண்ணெய், நெய் என்று வீட்டில் செய்தால், அரிசியில் 3,500 கலோரி. எண்ணெயில் 1,800. கறியில் ஆயிரத்துச் சொச்சம். எட்டுப் பேர் பிரித்துச் சாப்பிட்டால், ஒரு தட்டு சுமார் 800 கலோரி. வாரத்தில் ஒரு நாள், ஒரு தட்டு என்றால் அது எதையும் கெடுக்காது. ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். இரண்டாம் முறை வாங்கும்போது `கறி மட்டும் போதும்' என்றால் கணக்கு இன்னும் இலகுவாகிவிடும்.

ஒரு கரண்டி... மூன்று வருடம்

எவ்வளவு குறைத்தால் எவ்வளவு இறங்கும்? அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழு 2011-ல் வெளியிட்ட கணக்கின்படி, தினமும் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால், கடைசியில் சுமார் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறையவே ஒரு வருடம் ஆகும். கிட்டத்தட்ட முழுதும் குறைய மூன்று வருடம். சின்னக் கரண்டிச் சோறு ஒன்று 75 கிராம். அதாவது 100 கலோரி. தினமும் அந்த ஒரு கரண்டி குறைந்தால் மூன்று வருடத்தில் சுமார் 4 கிலோ. தினமும் ஒரு கரண்டி கூடினாலும் அதே 4 கிலோதான், எதிர்ப்பக்கமாக! பத்து நாளில் பலன் தேடி ஏமாறுவதற்கும், எப்போது ஏறியது என்றே தெரியாமல் எடை ஏறுவதற்கும் காரணம் இந்த வேகம்தான்.

எனவே, எடையோடு இடுப்பையும் அளங்கள். மாதம் ஒரு தடவை, காலையில் வெறும் வயிற்றில். பெண்களுக்கு 80 செ.மீ, ஆண்களுக்கு 90 செ.மீ தாண்டினால் எச்சரிக்கை. ஒல்லியான கையும் காலும் இருந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

யாருக்கு இந்தக் கணக்கு வேறு?

டேனரியில் ஈரத்தோல் சுமப்பவர், லோடு ஏற்றி இறக்குபவர், கட்டட வேலைக்குப் போகிறவர்... இவர்களுக்கு அரிசி அளவு கூடத்தான் வேண்டும். 65 கிலோ ஆணுக்கு உட்கார்ந்த வேலையில் 2,110 கலோரி போதும் என்றால், நடுத்தர உழைப்புக்கு 2,710, கடும் உழைப்புக்கு 3,470. ஒரே வீட்டில் டேனரிக்குப் போகும் கணவருக்கும் தையல் மெஷினில் உட்காரும் மனைவிக்கும் ஒரே அளவு தட்டு சரிவராது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் குறைக்கக் கூடாது.

சர்க்கரை நோய் விஷயத்தில் சோற்றின் அளவுக்கு எடையைத் தாண்டியும் முக்கியத்துவம் உண்டு. 21 நாடுகளில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், தினமும் 150 கிராமுக்குக் குறைவாகச் சோறு சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், 450 கிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. தெற்காசியாவில்தான் இந்த வித்தியாசம் மிக அதிகம், சுமார் 60 சதவிகிதம். நம் உதாரணப் பெண்ணின் மதிய பாக்ஸ் மட்டுமே 450 கிராம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சோற்றை ஒரேயடியாகப் பாதியாக்கிவிடாதீர்கள். மருந்தின் அளவு, நீங்கள் இதுவரை சாப்பிட்ட சோற்றுக்காகப் போடப்பட்டது. சோறு குறைந்து மருந்து குறையாவிட்டால், சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் முன்னால் அது பெரிய ஆபத்து. டாக்டரிடம், ``இவ்வளவு குறைக்கப்போறேன்'' என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

மற்றவர்கள் நாளைக் காலையிலேயே தொடங்கலாம். அதே சோறு, அதே குழம்பு. டிபன் பாக்ஸை மூடும்போது சோற்றை அமுக்காதீர்கள். ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் ஒரு முட்டை வையுங்கள்.